சக ஆசிரியையின் கட்டுரை வரைவு: என் குறிப்புகளில் எதை முதலில் சொல்வது?

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கும் அக்கா, ஆசிரியர்களுக்கான காலாண்டிதழ் ஒன்றுக்கு ஒன்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பணியில் என்னைவிட ரொம்ப மூத்தவர். "அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா பார்த்துக் குடு தம்பி, முகத்துக்காகச் சொல்லாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். இங்கே கேட்கவும் அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

கட்டுரையின் சாரம் இது. 2023 ஜூன் கடைசியில் வகுப்பில் 42 பிள்ளைகளுக்கும் வாசிப்புத் தேர்வு வைத்திருக்கிறார், 25 மதிப்பெண்ணுக்கு. அதில் கடைசியில் இருந்த 14 பேரைத் தனியாக எடுத்து, தினமும் இறைவணக்கத்துக்கு முன் அரைமணி நேரம் 'வாசிப்பு வட்டம்' நடத்தினார். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த 14 பேருக்கும் மறுபடி தேர்வு. சராசரி 6 இருந்தது 11 ஆகிவிட்டது. முடிவுரையில், "வாசிப்பு வட்டமே இம்முன்னேற்றத்திற்குக் காரணம் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிரூபணமாகிறது, எல்லாப் பள்ளிகளிலும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும்" என்று இருக்கிறது.

படித்துக்கொண்டே ஓரத்தில் எழுதியதில் முப்பதுக்கு மேல் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. ஒற்றுப்பிழையும் இருக்கிறது, "நிரூபணம்" என்ற சொல்லும் உறுத்துகிறது, அட்டவணையில் கூட்டல் சரியில்லாத இடமும் உண்டு. இப்படியே நீட்டினால் அக்கா நொந்துபோவார். பொறுக்கித்தான் கொடுக்க வேண்டும். எதை முதலில் வைப்பது, எதை விடுவது?

ஒற்றுமிகும்

முதல் வேலை ஒற்றுப்பிழைதான் தம்பி. "வாசிப்பு பயிற்சி" என்று எழுதியிருந்தால் "வாசிப்புப் பயிற்சி" ஆக்குங்கள். நீங்கள் எடுத்துக்காட்டிய வரியிலேயே "நடைமுறைப்படுத்த வேண்டும்" என்பதைவிட "செயல்படுத்த வேண்டும்" கச்சிதம். ஆசிரியர் எழுதும் கட்டுரையில் பிழை இருந்தால் இதழ்க்காரர்கள் முதல் பக்கத்தோடு ஒதுக்கி வைத்துவிடுவார்கள். கோப்பை அனுப்புங்கள், இன்றைக்கு ராத்திரியே திருத்தித் தருகிறேன். நெல்லிக்குப்பத்தில் ஓய்வாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வடலூரான்

ஒற்றுமிகும் ஐயா உதவிக்கு வந்தது நல்லது, ஆனால் அந்த வேலை கடைசியில். முடிவுரையே மாறப்போகிறது என்றால் அதில் இருக்கும் ஒற்றுப்பிழையை இப்போது திருத்தி என்ன செய்ய?

கெடிலக்கரை, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இருந்த காலத்தில் செயலாய்வு அறிக்கைகள் நிறையப் படித்தவன் என்ற முறையில் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஒவ்வொரு குறிப்புக்கும் நேராக ஒரே கேள்வியைப் போடுங்கள்: 'அக்கா இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கட்டுரை சொல்லும் விஷயம் பொய்யாகிவிடுமா, அல்லது யாருக்காவது கெடுதல் வருமா?' ஆம் என்றால் அது முதல் தட்டு. 'விஷயம் நிற்கும், ஆனால் வாசகருக்குப் புரியாது' என்றால் இரண்டாம் தட்டு. மற்றதெல்லாம் மூன்றாவது, அதை அச்சுப்படியில் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் போதும், கடிதத்தில் எழுதவே வேண்டாம். முப்பது குறிப்பில் முதல் தட்டுக்கு மூன்று நான்கு தேறும். அதற்கு மேல் வந்தால் நீங்கள் சலிக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் சாரத்தைப் பார்த்தே ஒன்று தெரிகிறது. ஆனால் எண்களைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். 14 பேரின் இரண்டு மதிப்பெண்களும் தனித்தனியாகக் கட்டுரையில் இருக்கிறதா? இரண்டு தேர்வுக்கும் வாசிப்புப் பத்தி ஒன்றா, வேறு வேறா?

பாகூர் புள்ளி

நான் கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். நேராகச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஒப்பீட்டுக் குழு இல்லை. மாதிரி 14 பேர், 30க்குக் கீழே. இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மீதி 28 பிள்ளைகளை ஒப்பீட்டுக் குழுவாக வைத்து, டி-சோதனை போட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அதுவரை அனுப்ப வேண்டாம். இதுதான் ஒரே குறிப்பு, மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

வடலூரான்

பாகூர் தம்பி சொன்னதில் பாதி சரி. ஒப்பிட ஆள் இல்லாமல் 'இதனால்தான்' என்று சொல்ல முடியாது என்பது சரி. மற்றதில் ஒத்துப்போக முடியவில்லை.

14 பேர் என்பதால் கட்டுரை குப்பை ஆகிவிடாது. பதினான்கு பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்து எழுதுவதற்கு ஒரு மதிப்பு உண்டு, ஊருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்லாதவரை. 30 என்பது தாண்டினால் பிழைத்தோம், தாண்டாவிட்டால் செத்தோம் என்கிற கோடு இல்லை. அந்த 28 பேரை ஒப்பீட்டுக் குழு ஆக்குவதும் சிக்கல்தான், ஏனென்றால் அவர்கள் ஜூனிலேயே மேலே இருந்தவர்கள். தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டும் பிள்ளையையும், கடகடவென்று வாசிக்கிற பிள்ளையையும் நிறுத்தி யார் அதிகம் வளர்ந்தார் என்று கேட்டால் கேள்வியே கோணலாகிவிடுகிறது.

அதைவிட முக்கியம், 'திரும்ப எழுது' என்பது குறிப்பே இல்லை. அவரால் என்ன செய்ய முடியுமோ அதைச் சொல்ல வேண்டும். ஜூனுக்குத் திரும்பிப் போய் ஒப்பீட்டுக் குழு அமைக்க அவரால் முடியாது, இப்போது பொங்கல் முடிந்துவிட்டது.

கெடிலக்கரை

மதிப்பெண்கள் பின்னிணைப்பில் இருக்கின்றன. ஜூனில் 14 பேரின் கூட்டுத்தொகை 84, செப்டம்பரில் 154. பத்தி இரண்டு தடவையும் ஒன்றேதான். அதுவும் அந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

இன்னொன்று, இதை நான் ரசித்துப் படித்தேன், இப்போதுதான் உறைக்கிறது. கட்டுரையின் ஆறாம் பக்கத்தில், ஒரு பையன் செப்டம்பர் தேர்வில் அட்டையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடியே பத்தியை முழுசாகச் சொல்லி முடித்தான் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அவனுக்கு ஜூனில் 2, செப்டம்பரில் 19. இன்னொரு பெண் ஜூன் தேர்வு அன்று காய்ச்சலோடு வந்தவள் என்று அடிக்குறிப்பு இருக்கிறது. அவளுக்கு 1, பிறகு 17.

வடலூரான்

நான் தேடியது இதைத்தான். இப்போது உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

14 பேரும் சேர்ந்து ஏறியது 154இல் 84 போக 70 மதிப்பெண். அதில் அந்தப் பையன் மட்டும் 17, அந்தப் பெண் 16. இரண்டு பேர் சேர்ந்து 33. அதாவது மொத்த ஏற்றத்தில் கிட்டத்தட்டப் பாதி இரண்டே பிள்ளைகளிடமிருந்து வருகிறது. ஒருவன் பத்தியை மனப்பாடம் செய்தவன், இன்னொருத்தி ஜூனில் காய்ச்சலில் இருந்தவள். அவர்களை ஒதுக்கிவிட்டு மீதி 12 பேரைப் பாருங்கள். ஜூனில் 81, செப்டம்பரில் 118. சராசரி 6.75 இருந்தது 9.8 ஆகியிருக்கிறது. ஐந்து மதிப்பெண் ஏற்றம் மூன்று ஆகிவிட்டது. மூன்றும் நல்ல ஏற்றம்தான், ஆனால் 'ஐயத்திற்கு இடமின்றி' என்ற சொல்லைத் தாங்காது.

காய்ச்சல் பெண் தனிக் கதை இல்லை. ஒரே ஒரு தேர்வை வைத்துக் கடைசி 14 பேரை எடுக்கிறோம் என்றால், உண்மையிலேயே வாசிக்கத் தெரியாதவர்களோடு அன்றைக்கு மட்டும் சரியில்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். தூக்கம், பயம், வீட்டில் சண்டை, எதுவாகவும் இருக்கலாம். அவர்களுக்கு நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் பழைய நிலைக்கு ஏறிவிடுவார்கள். நாம் அதை நம் கணக்கில் எழுதிக்கொள்வோம். தப்பிக்க எளிய வழி, தேர்ந்தெடுக்க ஒரு தேர்வு, அடுத்த வாரம் இன்னொரு தேர்வு, அந்த இரண்டாவதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வது. அடுத்த வருடத்துக்கு அவரிடம் இதைச் சொல்லலாம்.

அப்புறம் ஜூன். 2023இல் வெயில் காரணமாக ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14இல்தான் பள்ளி திறந்தார்கள். நீண்ட விடுமுறை முடிந்து வந்த பிள்ளை எழுத்தையே மறந்துதான் வருவான். செப்டம்பருக்குள் எந்த வகுப்பிலும் கொஞ்சம் ஏறும். அதோடு அந்த வருடம்தான் எண்ணும் எழுத்தும் என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது. அக்காவின் 14 பேரும் பெரும்பாலும் அதன் தொடக்க நிலையான அரும்பில் இருந்திருப்பார்கள். பகலில் அரும்புக்கான பயிற்சி, காலையில் வாசிப்பு வட்டம். எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது?

முத்தியால்பேட்டை டீச்சர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இது எனக்கு நடந்தது என்பதால் எழுதுகிறேன். புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிய சமயத்தில் என் வகுப்பின் மதிப்பெண்களை முன்பு, பின்பு என்று ஒப்பிட்டு நானும் ஒரு கட்டுரை எழுதினேன். படித்துப் பார்த்தவர் நான்கு பக்கம் குறிப்பு அனுப்பினார். முதல் வரி 'தலைப்பில் ஒற்று விடுபட்டுள்ளது'. மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் 'பாடத்திட்டமும் வினாத்தாள் முறையும் மாறிய பிறகு இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பிட முடியுமா?' என்று இருந்தது. அதுதான் உயிர்க்கேள்வி. நான் முதல் இரண்டு பக்கத்தைத் திருத்திவிட்டு, அலுத்துப்போய் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். எது நன்றாக இருக்கிறது என்று நான்கு பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. அதனால் எதைக் காப்பாற்றுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன், கெடிலக்கரை தம்பி, அக்கா கட்டுரையில் உங்களுக்குப் பிடித்த பக்கம் எது?

இன்னொரு கேள்வி. அந்தப் பையன், காய்ச்சல் பெண், இவர்களுடைய பெயர்கள் கட்டுரையில் இருக்கின்றனவா?

கெடிலக்கரை

இருக்கின்றன டீச்சர். பெயர் மட்டும் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி, அப்பா குடிப்பவர், அம்மா மீன் விற்கப் போகிறார், பாட்டி வளர்க்கிறார் என்று ஊர்ப் பெயரோடு ஒரு பத்தி. வாசிப்பு வட்டத்தின் புகைப்படமும் இருக்கிறது, எல்லா முகமும் தெரியும். 'மெல்லக் கற்போர்' என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார். அன்போடு எழுதியதுதான், அதனால்தான் எனக்கு உறுத்தவில்லை போல.

பிடித்த பக்கம் என்றால், வருகைப் பதிவு. வாசிப்பு வட்டத்துக்குத் தினமும் யார் வந்தார்கள் என்று தனி நோட்டு போட்டிருக்கிறார். ஜூலையில் 14 பேரில் தினமும் எட்டு ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள். செப்டம்பரில் பன்னிரண்டு பதிமூன்று. 'பிள்ளைகளுக்கு வட்டம் பிடித்துவிட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

முத்தியால்பேட்டை டீச்சர்

அப்படியானால் பெயரும் படமும்தான் உங்கள் முதல் குறிப்பு. கணக்கு அதற்கு அடுத்துத்தான். தப்பான முடிவு அச்சானால் அடுத்த இதழில் மறுப்பு எழுதலாம். 'மெல்லக் கற்போர்' என்று ஒரு குழந்தையின் படம் ஊருக்குள் வாட்ஸப்பில் சுற்றினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பெயரை மட்டும் மாற்றினாலும் போதாது. ஊர், அப்பா, அம்மா, பாட்டி என்று சொல்லிவிட்டால் அந்தக் குப்பத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். குடும்ப விவரம் வாசிப்புக்குத் தேவையா என்று பார்த்து, தேவையில்லாததை எடுத்துவிடச் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் முதுகுப் பக்கமிருந்து, அல்லது கையும் அட்டையும் மட்டும், அதுவும் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு.

பாகூர் புள்ளி

இதை ஏற்க முடியவில்லை டீச்சர். பெயரை எடுப்பது அஞ்சு நிமிட வேலை. முடிவே நிற்காத கட்டுரையில் பெயரை எடுத்து என்ன பிரயோஜனம்? முக்கியத்துவம் என்றால் ஆய்வின் தரம்தான் முதலில்.

முத்தியால்பேட்டை டீச்சர்

அஞ்சு நிமிட வேலையை முதலில் சொல்வதில் என்ன கஷ்டம்?

வடலூரான்

இரண்டும் ஒரே தட்டுதான், அதற்குள் எது முன், எது பின் என்பதை கெடிலக்கரை முடிவு செய்யட்டும். என்னை அந்த வருகைப் பதிவு விடமாட்டேன் என்கிறது. ஆகஸ்டில் என்ன நடந்தது? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25இல்தான் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. உங்கள் பள்ளியில் வட்டம் இறைவணக்கத்துக்கு முன். சாப்பிட வந்த பிள்ளை அங்கேயே இருந்திருப்பான். நோட்டைத் தேதியோடு பாருங்கள். வருகை மெதுவாக ஏறியதா, அந்தத் தேதியை ஒட்டிக் குதித்ததா?

கெடிலக்கரை

இன்று மதியம் அக்காவின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை எட்டு, ஒன்பது, எட்டு. திட்டம் தொடங்கிய அடுத்த வாரத்திலேயே பன்னிரண்டு. அதற்குப் பிறகு பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை.

வடலூரான்

அப்படியென்றால் அக்காவிடம் வேறொரு கட்டுரை இருக்கிறது, அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். 'வாசிப்பு வட்டம் வாசிப்பை வளர்த்தது' என்று நிரூபிக்க இந்த எண்களால் முடியாது. 'காலை உணவு வந்ததும் காலை வட்டம் நிரம்பியது' என்பதற்கு நாள்வாரியாகக் கையெழுத்துப் பதிவே இருக்கிறது. இதுவும் நிரூபணம் இல்லை, ஆனால் மற்ற ஆசிரியர்களுக்கு உடனே பயன்படும்: வட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்று.

ஒற்றுமிகும்

இதைச் சொல்லும் முன் வேறு காரணம் உண்டா என்றும் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது. அதன் பிறகு விடியற்காலையில் அம்மாக்கள் மீன் இறங்குகிற இடத்துக்குப் போய்விடுவார்கள், வீட்டில் சின்னதைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளைதான். எங்கள் பள்ளியில் அப்படித்தான் காலையில் வராமல் இருப்பார்கள்.

கெடிலக்கரை

அது செப்டம்பரிலும் அப்படியேதான் ஐயா, அதனால் திடீரென்று ஏறியதற்கு அது காரணமாகத் தோன்றவில்லை. ஆனாலும் அக்காவிடம் கேட்கிறேன்.

கடிதத்தை எழுதிவிட்டேன், பாருங்கள்:

'அக்கா, கட்டுரையை இப்படிப் புரிந்துகொண்டேன்: வாசிக்கத் திணறிய 14 பிள்ளைகளோடு மூன்று மாதம் காலையில் உட்கார்ந்தீர்கள், அவர்கள் முன்னேறினார்கள், அதை மற்றவர்களும் செய்ய வேண்டும். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், சொல்லுங்கள்.

வட்டத்தை நடத்தும் விதத்தை விவரிக்கும் இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் கை வைக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே தொடங்கலாம்.

அனுப்புவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, பிள்ளைகளின் பெயர், குடும்ப விவரம், புகைப்படம். ஐந்தாம் பக்கத்தில் பாட்டி பற்றிய பத்தியை எடுத்தாலும் கட்டுரை குறையாது. இரண்டு, "நிரூபணமாகிறது" என்ற வரி. மொத்தம் ஏறிய 70இல் 33 இரண்டு பிள்ளைகளுடையது, கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அதே மாதங்களில் எண்ணும் எழுத்தும் நடந்ததையும் காலை உணவு வந்ததையும் நீங்களே சொல்லிவிட்டால் வாசகர் கேட்பதற்கு முன் பதில் கிடைத்துவிடும். "பன்னிரண்டு பிள்ளைகளின் சராசரி ஏறத்தாழ மூன்று மதிப்பெண் உயர்ந்தது, இதில் வட்டத்தின் பங்கு எவ்வளவு என்று இந்தத் தரவால் பிரிக்க இயலாது" என்று போடலாமா? மூன்று, ஒரே பத்தியை இரண்டு முறையும் கொடுத்தது. பிள்ளைகள் பார்க்காத புதுப் பத்தி ஒன்றை இந்த வாரமே கொடுத்துப் பார்க்கலாம், நான் உடன் இருக்கிறேன்.

நேரம் இருந்தால், நான்காம் பக்க அட்டவணையில் கூட்டலைச் சரிபாருங்கள். வருகை நோட்டைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, எனக்கென்னவோ அது ஒரு பக்கத்துக்கு வரும். எழுத்துப்பிழைகளை அச்சுப்படியில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.'

வடலூரான்

நன்றாக வந்திருக்கிறது. புதுப் பத்தி கொடுக்கும்போது ஜூனில் கீழிருந்து 15ஆம் இடம் முதல் 20 வரை இருந்த ஆறு பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கோட்டுக்கு மேலே மயிரிழையில் தப்பியவர்கள், வட்டத்துக்கு வராதவர்கள். அந்த 14 பேரில் மேல்பக்கம் இருந்தவர்களோடு அவர்களை வைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு அளவுக்காவது ஒப்பிட முடியும். பத்தியை வகுப்பில் யாரும் கேட்காத இடத்தில், ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாசிக்க வையுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் கடைசிப் பிள்ளைக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும். இரண்டு வரி வாசித்ததும் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். வாசிக்கிற பிள்ளை சொல்லிவிடும், ஒப்பிக்கிற பிள்ளை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

பாகூர் புள்ளி

ஆறு பேரை வைத்து என்ன ஒப்பீடு? நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் "பிரிக்க இயலாது" என்று அவரே எழுதிவிட்டால் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கெடிலக்கரை

கடிதத்தைக் கொடுத்தேன். பெயர், படம் இரண்டையும் அக்கா அப்போதே எடுத்துவிட்டார். கணக்குத் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அந்தப் பையன் ஒப்பிச்சது எனக்கும் தெரியும்பா, ஆனா ஜூன்ல வாயே திறக்காதவன்" என்றார். அதையே அப்படியே கட்டுரையில் எழுதலாமே என்றேன், யோசிக்கிறார். 'எல்லாப் பள்ளிகளிலும்' என்ற வரியை எடுக்க மட்டும் மனசு வரவில்லை. அதை எடுத்தால் எதற்குக் கட்டுரை என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள். திங்கள்கிழமை புதுப் பத்தி வைக்கிறோம். ஒற்றுமிகும் ஐயா, பத்தியை நீங்கள் எழுதித் தருகிறீர்களா? பாடநூலில் இல்லாததாக, நான்காம் வகுப்பு அளவுக்கு, எட்டு வரி போதும்.

ஒற்றுமிகும்

ராத்திரிக்குள் அனுப்புகிறேன். காகம், நரி வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி எழுதட்டுமா?